ஆணி விலையும் ஆண்டவர் சித்தமும்

1639 நவம்பரில், பாஸ்டன் நகரத்துப் பெரும் வணிகர் ராபர்ட் கெய்ன், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொது மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவர் திருடவில்லை, கள்ள நாணயம் அடிக்கவில்லை. ஆணி, தங்கப் பொத்தான், கடிவாளம், நூல் போன்ற சரக்குகளுக்கு அதிக விலை வைத்தார் என்பதே குற்றச்சாட்டு. 12 பென்ஸ் கொண்ட ஒரு ஷில்லிங் முதலுக்கு 6 பென்ஸுக்கு மேல் லாபம் எடுத்தாராம்; சிலவற்றில் 8 பென்ஸுக்கு மேல்; சில்லறைப் பொருள்களில் ஒன்றுக்கு இரண்டுக்கும் மேல்.

இவ்வளவு லாபம்தான் எடுக்கலாம் என்று அப்போது சட்டம் எதுவும் இல்லை. எல்லா நாட்டிலும் வியாபாரிகள் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதும் மன்றத்தாருக்குத் தெரியும். ஆளுநர் ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் குற்றத்தைக் கூட்டிக்காட்டும் காரணங்களையும் அவர் சேர்த்தார்: கெய்ன் பழுத்த விசுவாசி, வசதி படைத்தவர், பிள்ளை ஒன்றுதான், அதிலும் மனசாட்சிக்காகக் கடல் கடந்து வந்தவர். அப்படிப்பட்டவர் இதைச் செய்யலாமா? மன்றம் 200 பவுண்டு அபராதம் போட்டது. பிறகு அது 80 ஆகக் குறைக்கப்பட்டது. சபையும் விசாரித்தது. கெய்ன் கண்ணீரோடு தம் பேராசையை அறிக்கையிட்டார். சபை கண்டித்து எச்சரித்தது.

அடுத்து, போதகர் ஜான் காட்டன் வியாபாரத்தின் பொய்க் கொள்கைகளைப் பட்டியலிட்டுப் பிரசங்கித்தார். முடிந்த மட்டும் மலிவாக வாங்கி, முடிந்த மட்டும் அதிக விலைக்கு விற்கலாம் என்று நினைப்பது தவறு. கடலில் போன சரக்கின் நஷ்டத்தை மீதிச் சரக்கின் மேல் ஏற்றுவது தவறு. வாங்குபவரின் அறியாமையையோ அவசரத்தையோ பயன்படுத்திக்கொள்வதும் தவறு. இன்றைய சந்தை நாள்தோறும் செய்கிற காரியங்களை அந்தப் போதகர் பாவக் கணக்கில் எழுதினார்.

கெய்னும் அவரை விசாரித்தவர்களும் பியூரிட்டன்கள். கால்வினின் போதனையில் வளர்ந்த கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள். இதே மக்களின் நம்பிக்கையிலிருந்துதான் நவீன முதலாளித்துவத்தின் மனப்போக்கு பிறந்தது என்று 1904-05இல் ஒரு ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். அவர் பெயர் மாக்ஸ் வெபர். லாபத்துக்கு அபராதம் போட்டவர்கள் எப்படி முதலாளித்துவத்துக்குத் தாய்வீடு ஆனார்கள்?

கூலி கூடினால் வேலை குறையும்

பேராசைதான் முதலாளித்துவம் என்று வெபர் சொல்லவில்லை. பேராசை எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. அவருக்குப் புதிராக இருந்தது வேறு: தேவைக்கு மேல் சம்பாதித்தும் ஓய்வெடுக்காமல், செலவழிக்கவும் மனம் வராமல், சம்பாதித்ததை மீண்டும் தொழிலிலேயே போட்டு, மேலும் சம்பாதிப்பதையே கடமையாக நினைக்கும் மனிதன் எப்படி உருவானான்?

இயல்பான மனிதன் அப்படி இல்லை என்பதற்கு அவர் ஒரு கணக்குக் காட்டினார். வயலில் கதிர் அறுப்பவருக்கு ஒரு மார்கன் நிலத்துக்கு 1 மார்க் கூலி. அவர் நாளொன்றுக்கு இரண்டரை மார்கன் அறுத்து இரண்டரை மார்க் வாங்குகிறார். அறுவடை சீக்கிரம் முடியட்டும் என்று பண்ணையார் கூலியை ஒன்றேகால் மார்க்காக உயர்த்துகிறார். ஆள் அதிகமாக அறுக்கவில்லை. இரண்டு மார்கனோடு அரிவாளைக் கீழே வைக்கிறார். இரண்டரை மார்க் கைக்கு வந்துவிட்டது, இன்றைய பாட்டுக்கு அது போதும். இது சோம்பல் அல்ல; பழகிய வாழ்க்கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உழைப்பது. கூலியை ஏற்றியோ இறக்கியோ இந்த மனத்தை மாற்ற முடியாது, அதற்கு நீண்ட காலப் பயிற்சி வேண்டும் என்றார் வெபர். அந்தப் பயிற்சியை மதம் தந்தது என்பதுதான் அவருடைய வாதம்.

முதல் படி மார்ட்டின் லூத்தரிடம் தொடங்குகிறது. துறவு மடத்துக்குப் போனால்தான் கடவுளுக்கு உகந்த வாழ்க்கை என்பதை லூத்தர் ஏற்கவில்லை. செருப்புத் தைப்பதும் மாவு அரைப்பதும் கடவுள் அவரவருக்குத் தந்த அழைப்பு என்றார். அடுத்த படி கால்வினின் முன்குறிப்புக் கொள்கை. யார் இரட்சிக்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பதைக் கடவுள் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார். ஜெபமோ தர்மமோ குருவானவரின் பாவமன்னிப்போ அதை மாற்றாது.

இதை முழுமனதாக நம்பிய ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. முடிவு எப்படியும் மாறாது என்றால் கைகட்டி உட்கார்ந்துவிடலாமே என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. சந்தேகப்படுவதே விசுவாசக் குறைவு, ஓயாத உழைப்பால் சந்தேகத்தை விரட்டு என்று போதகர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஒழுங்கான வாழ்க்கையும் தொழிலில் வரும் பலனும் இரட்சிப்பை வாங்கித் தராது. ஆனால் தான் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரின் நூல்களை வெபர் இதற்குச் சான்றாக எடுத்தார். நேரத்தை வீணாக்குவது பெரும் பாவம் என்பது பாக்ஸ்டரின் போதனை. நேர்மையாக அதிக வருமானம் பெறும் வழியைக் கடவுள் காட்டியும் அதை விட்டுக் குறைந்த வருமானத்தைத் தேர்ந்தெடுப்பவன் அழைப்பை மீறுகிறான் என்றும் அவர் எழுதினார். ஆனால் ஈட்டியதை உடல் சுகத்துக்கு அனுபவிக்கக் கூடாது. சம்பாதிப்பது கடமை, செலவழிப்பது பாவம்! இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் மிஞ்சுவது முதல். அது தொழிலுக்கே திரும்பும்.

கெய்னிடம் இந்த மனம் அப்படியே தெரிகிறது. 1653இல் அவர் எழுதத் தொடங்கிய உயில் 158 பக்கம் நீண்டது. பாதிக்கு மேல் பழைய வழக்குக்கான பதில் போலவே இருக்கும். ஆணி விலையைக் கணக்குப் புத்தகத்தில் 8 பென்ஸிலிருந்து 10 பென்ஸாகத் திருத்தியது ஏன்? வாங்கியவர் சிறிய ஆணியைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆணியை எடுத்துப்போனார், அதனால்தான் என்று விளக்குகிறார். தாம் சோம்பிக் கிடந்ததில்லை என்பதற்குத் தம் கணக்குப் புத்தகங்களையே சாட்சி வைக்கிறார். சந்தைக் கூடமும் நூலகமும் கொண்ட நகர மண்டபம் கட்ட பாஸ்டனுக்கு 300 பவுண்டு எழுதி வைத்தார். லாபத்தை விடவும் முடியவில்லை, அதற்குக் கணக்கு ஒப்பிக்காமல் இருக்கவும் முடியவில்லை. வெபர் சொன்ன மனிதர் இவர்தான்.

கூட்டினால் 109

வெபரின் கட்டுரையில் எல்லாம் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. தொடக்கத்திலேயே, ஜெர்மனியின் பாடன் பகுதியில் புராட்டஸ்டண்ட் பிள்ளைகள் தொழில், வணிகம் சார்ந்த பள்ளிகளில் அதிகம் படிக்கிறார்கள் என்று அவருடைய மாணவர் மார்ட்டின் ஆஃபன்பாக்கரின் அட்டவணையை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு வகைப் பள்ளிக்குப் புராட்டஸ்டண்ட் 69 சதவீதம், கத்தோலிக்கர் 31, யூதர் 9 என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் 109! 59 என்று இருக்க வேண்டியது 69 ஆகிவிட்டது. ஸ்வீடனின் குர்ட் சாமுவேல்சன் இதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள் நிறைந்த ஊர்களில் இருந்தன, ஆகவே அவர்கள் பிள்ளைகள் அதிகம் இருந்ததில் வியப்பில்லை என்றும் அவர் காட்டினார்.

காலக் கணக்கும் இடிக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் விளக்கிய லூகா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அவருடைய நூல் வெனிஸில் 1494இல் வெளிவந்தது. லூத்தர் தம் 95 கோட்பாடுகளை முன்வைத்தது 1517இல்தான். வங்கி, உண்டியல், கூட்டு வணிகம் எல்லாம் கத்தோலிக்க இத்தாலியில் முன்பே நடைமுறையில் இருந்தன. இந்த ஏற்பாடுகள் முன்பே இருந்ததை வெபரும் மறுக்கவில்லை. மனப்போக்கைப் பற்றியே பேசினார். ஆனால் மனப்போக்கை அளப்பது எப்படி?

அண்மைக் காலப் பொருளியலாளர்கள் விளைவை அளந்து பார்த்தார்கள். டேவிடே கன்டோனி 1300 முதல் 1900 வரை 272 ஜெர்மன் நகரங்களின் மக்கள்தொகை வளர்ச்சியை ஒப்பிட்டார். செழிக்கும் நகரத்துக்கு ஆட்கள் வந்து குவிவார்கள் என்பதால் இது நல்ல அளவுகோல். புராட்டஸ்டண்ட் நகரங்கள் கத்தோலிக்க நகரங்களைவிட வேகமாக வளர்ந்ததாக அவருக்குத் தெரியவில்லை.

சாஷா பெக்கரும் லுட்கர் வோஸ்மானும் 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் போனது. 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் 452 மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் வசதியாகத்தான் இருந்தன. ஆனால் வசதியான ஊர்கள் புதிய மதத்துக்கு மாறினவா, மாறியதால் வசதி வந்ததா? இதைப் பிரித்தறிய ஒரு வழி கண்டார்கள். லூத்தர் போதித்த விட்டன்பெர்க் நகரிலிருந்து சீர்திருத்தம் வட்டமாகப் பரவியது. தூரம் கூடக்கூட அதன் செல்வாக்கு குறைந்தது. விட்டன்பெர்க்குக்கு அருகில் இருப்பது மட்டுமே ஓர் ஊரைப் பணக்கார ஊராக்கிவிடாது. ஆகவே தூரத்தை வைத்து, மதத்தின் விளைவை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். விளைவு இருந்தது. ஆனால் எழுத்தறிவையும் கணக்கில் சேர்த்ததும் வருமான வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

காரணம் எளியது. ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்றார் லூத்தர். வாசிக்கப் பள்ளி வேண்டும். 1524இலேயே ஜெர்மன் நகர மன்றங்களுக்குப் பள்ளிகள் தொடங்கச் சொல்லி எழுதினார். வேதம் வாசிக்கக் கற்ற கண்கள் ஒப்பந்தத்தையும் கடிதத்தையும் வாசித்தன. தமிழகமும் இந்த வழக்கத்தை அறியும்: ஹாலேயில் பயட்டிஸ்டுகளிடம் படித்துவிட்டு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், பள்ளி தொடங்கினார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். வெபர் அலசிய பிரிவுகளில் பயட்டிஸ்டுகளும் உண்டு.

அப்படியானால் வெபர் தோற்றாரா? மதம் மாறிய ஊரெல்லாம் பணம் பெருகியது என்று அவரைப் புரிந்துகொண்டால் தோற்றார்தான். எழுத்தறிவு வருமானத்தை விளக்குகிறது. ஆனால் கெய்னை விளக்கவில்லை. தேவைக்கு மேல் உழைப்பதும் லாபத்துக்குக் கணக்கு ஒப்பிப்பதும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு வெபர் தந்த பதில் இன்னும் நிற்கிறது.

அந்தப் பதிலுக்குள் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை நேரில் கண்டு கவலைப்பட்டார்: பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கிறது, அவை செல்வத்தை வளர்க்கின்றன, செல்வம் வளர வளரப் பக்தி தேய்கிறது. சம்பாதியுங்கள், சேமியுங்கள், பிறகு எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வு. மக்கள் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். சம்பாதிப்பது கடமை என்ற எண்ணம் நிலைத்தது. லாபத்துக்கு யாரிடமாவது பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் போய்விட்டது. நம் கால முதலாளித்துவத்தை ஜான் காட்டனின் காலத்து வியாபாரத்திலிருந்து பிரிப்பது, லாபத்தின் அளவைவிட, அந்தப் பயம் இல்லாததுதான்.