நிற்காமல் உறையும் ரத்தம்

ஸ்வீடனின் மால்மோ நகரில் 1990களின் தொடக்கத்தில் பியோர்ன் டால்பேக் என்ற ஆய்வாளருக்கு ஒரு நோயாளியின் ரத்தம் புதிராக வந்து சேர்ந்தது. அந்த மனிதருக்குச் சிரைகளில் திரும்பத் திரும்ப ரத்தம் கட்டியது. அவர் குடும்பத்தில் வேறு சிலருக்கும் அதே தொல்லை. அன்று தெரிந்திருந்த பரம்பரைக் குறைபாடுகளைத் தேடிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

டால்பேக் ஒரு எளிய சோதனை செய்தார். பிளாஸ்மாவில் உறைதலைத் தூண்டிவிட்டு, அது கட்டியாக எத்தனை நொடி எடுக்கிறது என்று பார்ப்பது ஆய்வகங்களின் அன்றாட வேலை. தூண்டும்போது கூடவே ‘புரோட்டீன் சி’ என்ற புரதத்தை, செயலூக்கப்பட்ட வடிவில், கொஞ்சம் சேர்த்தார். உறைதலை மட்டுப்படுத்துவது அந்தப் புரதத்தின் வேலை என்பதால், சாதாரண பிளாஸ்மா கட்டியாவது நன்றாகவே தாமதப்படும். இந்த மனிதரின் பிளாஸ்மாவோ புரோட்டீன் சி சேர்த்ததைப் பொருட்படுத்தவே இல்லை. ஏறக்குறைய வழக்கமான நேரத்திலேயே உறைந்துவிட்டது. 1993இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது.

இவருக்கு ஏன் சிரையில் மட்டும் கட்டியது, மாரடைப்பு ஏன் வரவில்லை? இதற்கு விடை காண, ரத்தம் இரண்டு வகைக் குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இதயத்திலிருந்து உறுப்புகளுக்குப் போகும் தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு விரைகிறது. உறைதலைத் தூண்டும் பொருள்கள் அங்கே எளிதில் சேர்ந்து பெருக முடியாது. ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே தமனியில் கட்டி உருவாக, பெரும்பாலும் முதலில் சுவர் கெட வேண்டும். பல ஆண்டுகளாகச் சுவருக்குள் சேர்ந்த கொழுப்புப் படிவின் மேல்மூடி ஒருநாள் கிழிகிறது. உள்ளிருக்கும் நார்ப்புரதம் ரத்தத்தின் முன் வெளிப்படுகிறது. அப்போது வான் வில்லிபிராண்ட் என்னும் நீண்ட புரதம் அதில் ஒட்டிக்கொள்கிறது. சுருண்டு கிடக்கும் இந்தப் புரதத்தை வேகமான ஓட்டமே இழுத்து நீட்டுகிறது. நீண்டதும் அது தட்டணுக்களைப் பிடிக்கும் கொக்கியாகிறது. ரத்தத்தின் வேகமே கட்டிக்கு உதவுவதுதான் இதில் விந்தை. தட்டணுக்கள் குவிந்து உருவாகும் இந்தக் கட்டி வெளிறிய நிறத்தில் இருக்கும். தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும் ஆஸ்பிரினை மாரடைப்பு நோயாளிக்குக் கொடுப்பது இதனால்தான்.

சிரையின் கதை வேறு. காலிலிருந்து ரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசைகள்தான் அதை அழுத்தி அனுப்ப வேண்டும். ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் தடுக்கச் சிரைக்குள் சிறு வால்வுகள் உண்டு. அறுவைசிகிச்சைக்குப் பின் படுத்தே கிடந்தாலோ, உடைந்த காலில் மாவுக்கட்டு போட்டிருந்தாலோ தசை இயங்குவதில்லை. வால்வுகளின் இடுக்கில் ரத்தம் தேங்கி, அங்கே ஆக்சிஜன் குறைகிறது. அதனால் சிரையின் உள்படலம் எரிச்சலுற்று, வெள்ளணுக்களைத் தன்மேல் ஒட்டவிடுகிறது, உறைதல் தொடங்குகிறது. சுவர் கிழிய வேண்டியதே இல்லை. த்ராம்பின் என்ற நொதி அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே பெருகி, ஃபைப்ரின் இழைகளை உண்டாக்குகிறது. அந்த இழைகளில் சிவப்பணுக்கள் சிக்குவதால் இந்தக் கட்டி சிவப்பாக இருக்கும். இதற்குத் தருவது ஹெபாரின், வார்ஃபரின் போன்ற, உறைதல் புரதங்களையே கட்டுப்படுத்தும் மருந்துகள்.

தமனிக் கட்டி அடைத்த இடத்துக்கு அப்பால் உள்ள இதயத் தசையோ மூளையோ பட்டினியால் மடிகிறது. கால் சிரைக் கட்டி காலை வீங்க வைக்கும். ஆனால் உண்மையான ஆபத்து, அது பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைப்பதுதான். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ இந்தப் பயணத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்.

ஆக, தமனியில் பெரும்பாலும் சுவரின் நிலைதான் விஷயத்தை முடிவு செய்கிறது. சிரையிலோ ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதே முடிவு செய்கிறது. மால்மோ மனிதரின் குறை அந்தப் பிரேக்கில் இருந்தது.

த்ராம்பின் அளவுக்கு மீறினால், ரத்தக்குழாயின் உள்படலம் அதையே பயன்படுத்தி புரோட்டீன் சியை எழுப்பிவிடுகிறது. எழுந்த புரோட்டீன் சி, த்ராம்பின் உற்பத்திக்குத் துணைபோகும் ‘ஃபேக்டர் ஐந்து’ என்ற புரதத்தைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி முடமாக்குகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் ரோஹியர் பெர்ட்டினாவின் குழு 1994இல் கண்டது இதுதான்: இந்த நோயாளிகளின் ஃபேக்டர் ஐந்தில் 506ஆம் இடத்து அமினோ அமிலம் ஆர்ஜினினுக்குப் பதில் குளூட்டமின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிய விளைவு. வெட்ட வேண்டிய இடம் மாறிவிட்டதால் கத்தி சரியாக இறங்குவதில்லை. ஃபேக்டர் ஐந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நிறுத்தச் சொன்னால்தான் நிற்க மறுக்கிறது. இந்த மாற்றத்துக்கு ‘ஃபேக்டர் ஐந்து லைடன்’ என்ற பெயர் நிலைத்தது.

ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இது உண்டு. கிழக்காசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் மிக அரிது. இந்தியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் குறைவு. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை பிறவியிலேயே குறைந்திருப்பதும் சிரை உறைவுக்குக் காரணமாகலாம். அவை அரியவை, ஆனால் பொதுவாக லைடன் மாற்றத்தைவிடக் கடுமையானவை.

இந்த மாற்றம் இருந்தாலே ஆபத்து நிச்சயமா? இல்லை. 1994இல் வெளியான லைடன் ஆய்வின் கணக்கைப் பார்ப்போம். மாற்றமும் இல்லாமல், கருத்தடை மாத்திரையும் எடுக்காத இளம் பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 0.8 பேருக்குச் சிரை உறைவு வந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 3 பேர். மாற்றம் மட்டும் இருந்தவர்களில் 5.7 பேர். இரண்டும் சேர்ந்தவர்களில் 28.5 பேர். இரண்டு ஆபத்துகளும் வெறுமனே கூடவில்லை. ஒன்றை ஒன்று பெருக்கிவிட்டன. காரணம் உண்டு. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் புரோட்டீன் சியின் பிடியைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே பிடிக்காத பிரேக் இன்னும் நழுவுகிறது. கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் இதே போன்ற காலம்தான்.

இன்னொரு பக்கமும் அந்த எண்ணில் இருக்கிறது. 28.5 என்றால் பத்தாயிரத்தில் மீதி 9,970க்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டில் ஒன்றும் ஆகவில்லை. மாற்றம் கொண்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க ஒரு கட்டியும் இல்லாமல் போய்ச் சேருகிறார்கள். மாரடைப்புக்கு இதன் பங்கோ மிகச் சிறியது. அங்கே புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவையே பெரிய வில்லன்கள்.

ஆகவே எல்லோருக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. ஏற்கெனவே ஒரு கட்டி வந்தவருக்கு மறுபடி வருமா என்பதைக்கூட லைடன் மாற்றம் கொஞ்சம்தான் முன்னறிவிக்கிறது; எந்தச் சூழலில் முதல் கட்டி வந்தது என்பதே மருத்துவருக்கு அதிகம் உதவும். சோதிக்கும் நேரமும் முக்கியம். கட்டி புதிதாக இருக்கும்போது ஆன்டித்ராம்பின் குறைவாகக் காட்டலாம். வார்ஃபரின் சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறையும். கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் இயல்பாகவே இறங்கும். இதையெல்லாம் கவனிக்காமல் ‘பரம்பரைக் குறைபாடு’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் உண்டு. லைடன் மாற்றத்தை டி.என்.ஏ. சோதனையில் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ ஐம்பது வயதுக்குள் சிரையில் ரத்தம் கட்டியிருந்தால், அறுவைசிகிச்சைக்கு முன்பும், கருத்தடை மாத்திரை தொடங்கும் முன்பும், கர்ப்பகாலத்தின் முதல் சந்திப்பிலும் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.