பாக்கி கேட்கும் பக்குவம்

“அண்ணே, முடிஞ்சா அந்தப் பணத்தைக் கொஞ்சம் பாருங்க.”

ஈரோட்டில் நான் அச்சகம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், பாக்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் இதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். “பார்க்கிறேன் தம்பி” என்று பதில் வரும், பணம் வராது. வெகுநாள் கழித்துத்தான் குறை என் செய்தியில் இருப்பது புரிந்தது. எந்த பில், எவ்வளவு, என்றைக்குள் என்று அதில் ஒன்றுமே இல்லை. கேட்டதில் தேதி இல்லாதபோது பதிலில் மட்டும் எப்படித் தேதி வரும்? போதாததற்கு “முடிஞ்சா” என்ற சொல்லால், முடியாது என்று சொல்லும் வழியையும் நானே திறந்து வைத்திருந்தேன்.

சில பேர் இதற்கு நேர்மாறு. பத்து வருடப் பழக்கத்தில் “அண்ணே” என்று அழைத்துவந்தவருக்கு, கெடு தாண்டிய மூன்றாம் நாளே “தாங்கள் செலுத்த வேண்டிய நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று அனுப்பிவிடுவார்கள். தமிழில் இது பெரிய அடி. பேச்சு வழக்கில் எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுத்து வழக்குக்கு மாறினாலே, உறவை ஒதுக்கி வைத்துவிட்டார் என்று எதிராளி எடுத்துக்கொள்வார். பணம் வந்தாலும் அடுத்த ஆர்டர் வராது.

உறவு, தொகை, தாமதம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த இரண்டு தவறும் நடக்கிறது. என் அனுபவத்தில் மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. எப்படி விளிப்பது என்பதை உறவு முடிவு செய்யும். வாயால் கேட்பதா, எழுத்தில் கேட்பதா என்பதைத் தொகை முடிவு செய்யும். என்ன கேட்பது என்பதைத் தாமதம் முடிவு செய்யும்.

ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பன்னிரண்டு வருட வாடிக்கையாளர். ஜூன் 3-ஆம் தேதி அவருக்குச் சேலை டப்பாக்கள் அடித்துக் கொடுத்தோம். பில் 86,400 ரூபாய், கெடு 30 நாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பிய செய்தி இது:

“அண்ணே, வணக்கம். டப்பா எல்லாம் சரியா இருக்குதுங்களா? ஜூன் 3 பில், 86,400 ரூபாய், வர்ற வியாழக்கிழமை கெடுங்க. ஞாபகத்துக்குச் சொன்னேன்.”

சரக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்டது மரியாதைக்கு மட்டும் இல்லை. “கலர் மங்கலா இருந்துச்சு” என்ற பேச்சு, பணம் கேட்ட பிறகு வந்தால் அது சாக்கா, உண்மையான குறையா என்று பிரித்தறிய முடியாது. முன்பே கேட்டு, “நல்லா இருக்கு தம்பி” என்ற பதில் எழுத்தில் வந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கெடு தாண்டி ஒரு வாரம் ஆனது. முதலில் பேங்க் கணக்கைப் பார்த்தேன். வந்துவிட்ட பணத்தைக் கேட்பதைப் போல உறவைக் கெடுப்பது வேறில்லை. பிறகு எழுதினேன்:

“அண்ணே, ஜூன் 3 பில் 86,400 இன்னும் வரலைங்க. 15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குள்ள போட்டு விட்டுருங்க.”

இதிலும் “அண்ணே” இருக்கிறது, “ங்க” இருக்கிறது, ஆனால் “முடிஞ்சா”, “கொஞ்சம்” இரண்டும் இல்லை. குழைவு ஆளைப் பற்றிய சொற்களோடு நின்றுவிட வேண்டும். தொகையிலும் தேதியிலும் குழைவு கூடாது.

செவ்வாய்க்கிழமையும் போனது. கெடு தாண்டி 22-ஆம் நாள், ஜூலை 25 அன்று, நடையை ஒரு படி மாற்றினேன்:

“வணக்கம் அண்ணே. பில் எண் 214, ஜூன் 3, ரூ.86,400. கெடு தாண்டி 22 நாள் ஆகிறது. இந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை நான் கட்டிவிட்டேன், பேப்பர் கடைக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பாதியும் ஆகஸ்ட் 10-க்குள் மீதியும் தர முடியுமா? தேதியை எழுதி அனுப்புங்கள்.”

பேச்சு வழக்கு எழுத்து வழக்கானது. பில் எண் வந்தது. “அண்ணே” மட்டும் அப்படியே இருந்தது. நான் கோபப்படவில்லை, ஆனால் கணக்கைப் பிடித்துவிட்டேன் என்பதை அந்த நடை மாற்றமே சொல்லிவிட்டது. பாதித் தொகைக்கு வழி கொடுத்ததற்கும் காரணம் உண்டு. முழுப்பணம் கையில் இல்லாதவர் பேசவே கூச்சப்பட்டு ஒதுங்குவார். பாதியைக் கேட்டால் வாய் திறப்பார். அன்று மாலையே அவரே போனில் அழைத்தார். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எடுத்ததில் பணம் முடங்கிவிட்டதாம். 31-ஆம் தேதி 40,000 வந்தது, மீதி ஆகஸ்ட் 12-இல் வந்தது. தீபாவளி டப்பா ஆர்டரும் எங்களுக்கே கிடைத்தது.

இதே 22 நாள் தாமதம், பக்கத்துக் கடைக்காரரின் 650 ரூபாய் விசிட்டிங் கார்டு பாக்கியில் என்றால் நான் எதுவும் எழுத மாட்டேன். எதிரில் பார்க்கும்போது வாயால் சொல்வேன், அல்லது அடுத்த பில்லோடு சேர்த்துக்கொள்வேன். அந்தத் தொகைக்குப் பில் எண் போட்டு எழுதினால், பணத்தைவிட அந்தக் கடிதம்தான் அவர் மனதில் நிற்கும்.

கம்பெனிகளோடு கதையே வேறு. அங்கே பணம் போடுபவர் நமக்குப் பழக்கமானவர் அல்ல, கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். என் வாய்ஸ் மெசேஜை அவரால் மேலதிகாரிக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே முறையான நடை, ஈமெயில், பில் எண், ஆர்டர் எண், பில்லின் நகல். முறையான நடையை அங்கே யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. அவருக்கு அது வேலையைச் சுலபமாக்குகிறது.

கடைசிப் படி சட்டத்தைப் பற்றிய கடிதம். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். அதற்கு மேல் போனால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத கம்பெனி, அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்ப வேண்டும். கணக்குப் பிரிவுக்காரருக்கு இது உடனே புரியும்.

இதை மிரட்டலாக எழுத வேண்டியதில்லை. “45 நாள் கெடு இந்தத் தேதியோடு முடிந்தது. இன்னும் 7 நாளுக்குள் வராவிட்டால் எம்எஸ்எம்இ சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம்” என்ற இரண்டு வரி போதும். ஆனால் எழுதினால் எட்டாம் நாள் விண்ணப்பித்தே ஆக வேண்டும். செய்யாமல் விட்டால், அடுத்த கடிதத்தை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஜவுளிக்கடை அண்ணனுக்கு நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியும், சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் அதை அனுப்பிய பிறகு மறுபடி “அண்ணே, டப்பா சரியா இருக்குதுங்களா” என்று கேட்க முடியாது. அதனால்தான் கணக்குப் பிடியை ஒவ்வொரு படியாக இறுக்கினேன், விளிப்பைக் கடைசி வரை தொடவில்லை.