துவையலில் கணக்கில் வராத உப்பு

இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களிடம் உப்பைக் குறைக்கச் சொன்னதும், வீட்டில் முதலில் நிறுத்தப்படுபவை ஊறுகாயும் அப்பளமும்தான். அவை இருந்த இடத்திற்குப் பருப்புத் துவையல் வருகிறது. இது நல்ல மாற்றமே. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கே உப்பு வேண்டும்; அதில் உப்பைப் பெரிதும் குறைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். துவையல் அன்றே அரைத்து அன்றே உண்ணப்படுவது. அதில் உப்பின் வேலை சுவை மட்டுமே. ஆகவே துவையலில் உப்பைத் துணிந்து குறைக்கலாம்.

ஆயினும், "அளந்துதான் போடுகிறோம்" என்று உறுதியாகச் சொல்லும் குடும்பங்களிலும் சிலருக்குக் கால் வீக்கம் வடிவதில்லை. இரத்த அழுத்தமும் இறங்குவதில்லை. இதற்கு மருந்து தவறுதல், சிறுநீரகப் பாதிப்பு எனப் பல காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றோடு, சமையலறையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: உங்கள் வீட்டுப் புளி எந்த ஜாடியில் இருக்கிறது? அதில் உப்புச் சேர்த்திருக்கிறீர்களா?

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் ஜாடியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும். உப்பு சேர்ந்தால் அரிப்பு கூடும். நன்றாகச் சுட்டு மெருகேற்றிய பீங்கான் ஜாடியை அவை தொடுவதில்லை. அதனால்தான் கோடையின் தொடக்கத்தில் புதுப்புளி வாங்கி, வெயிலில் உலர்த்தி, கொட்டையும் கோதும் நீக்கி, ஓர் அடுக்குப் புளி, அதன்மேல் ஒரு பிடி கல்லுப்பு என்று ஜாடியில் அழுத்தி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்து வருகிறது. ஆண்டு முழுவதும் பூச்சி அண்டாமல் புளியைக் காப்பது அந்த உப்புதான். துவையல் அரைக்கும் நாளில் அது யாருடைய நினைவிலும் இருப்பதில்லை.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ புளிக்கு 100 கிராம் கல்லுப்புச் சேர்த்த ஜாடி என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நெல்லிக்காய் அளவு, அதாவது 11 கிராம் புளி எடுத்தால், அதனுள் ஏறத்தாழ 1 கிராம் உப்பு இருக்கும். நான்கு பேர் உள்ள அந்த வீட்டில் துவையல், குழம்பு, ரசம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாளில் 55 கிராம் புளி செலவாகிறது என்றால், கரண்டியைத் தொடாமலேயே 5 கிராம் உப்பு உணவில் சேர்ந்துவிடுகிறது. தலைக்கு ஒன்றேகால் கிராம். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதில் கால் பங்கு, எவரும் போடாத உப்பாகவே போய்விடுகிறது. ஜாடியின் அடியில் உப்புநீர் தேங்கியிருந்தால், அடிப்புளியில் இதைவிடவும் கூடுதலாக இருக்கும்.

ஜாடிப் புளியில் உப்பு உண்டா என்று அறிவது எளிது. ஒரு சிறு துணுக்கை நாவில் வையுங்கள். புளிப்புக்கு முன்பே கரிப்புத் தெரிந்தால் உப்பு உண்டு. கழுவினால் மேலுள்ள உப்பு ஓரளவு போகும். உள்ளே ஊறியது போகாது. ஆகவே நோயாளி உள்ள வீட்டில் உப்பில்லாப் புளியைத் தனியே வைத்துக்கொள்வதே சரியான வழி. கால் கிலோ புதுப்புளியை நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் இட்டு, "உப்பில்லை" என்று எழுதி ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

இனித் துவையலுக்கு வருவோம். நான்கு பேருக்குத் துவரம் பருப்பு 50 கிராம், காய்ந்த மிளகாய் 4, உருவிய கறிவேப்பிலை ஒரு பெரிய பிடி, உப்பில்லாப் புளி 10 கிராம், நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, உப்பு 2 கிராம் வேண்டும். மட்டமாக வழித்த 5 மில்லி தேக்கரண்டியில் தூளுப்பு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் இருக்கும். எனவே 2 கிராம் என்பது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கல்லின் பருமனுக்கேற்ப அளவு மாறும். அதைப் பொடித்து அளப்பது நல்லது.

புளியை முதலில் மூன்று கரண்டி வெந்நீரில் ஊற வையுங்கள். அடிகனத்த வாணலியில் எண்ணெயின்றிப் பருப்பைச் சிறு தீயில் கைவிடாமல் வறுக்க வேண்டும். நிறம் பொன்னிறத்தைக் கடந்து இளஞ்சிவப்பாகி, வாசனை அறையெங்கும் பரவும்போது ஒரு பருப்பை எடுத்து, ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். 'நறுக்'கென்று உடைந்து, உள்ளேயும் நிறம் மாறியிருந்தால் பதம் சரி. மேலே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் தீ அதிகம் என்று பொருள். அந்தத் துவையலில் பச்சை வாசனை இருக்கும்.

பருப்பைத் தட்டில் கொட்டிவிட்டு, எண்ணெயில் மிளகாயைப் போட்டு, உப்பிப் பளபளத்தவுடன் எடுத்துவிடுங்கள். பின்னர் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரம் துடைத்த கறிவேப்பிலையை அந்தச் சூட்டிலேயே புரட்டினால் போதும். இலையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது. நெடுநேரம் தீயில் இருந்தால் நிறமும் மணமும் போய்விடும்.

இங்கே கருகுதலுக்கும் உப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. பருப்போ மிளகாயோ கருகினால் கசப்பு வரும். அந்தக் கசப்பை மறைக்கப் புளியையும் உப்பையும் ஏற்றிக்கொண்டே போவது வழக்கம். கருகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வறுப்பதே நோயாளிக்கு நல்லது.

வறுத்தவை முற்றும் ஆறிய பின் அரைக்க வேண்டும். முதலில் பருப்பையும் மிளகாயையும் நீரின்றி ரவைப் பதத்திற்குப் பொடித்து, அதன்பின் கறிவேப்பிலை, புளி, அளந்த உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, புளி ஊறிய நீரையே கரண்டி கரண்டியாக விட்டு அரையுங்கள். போதாவிட்டால் மட்டும் வேறு நீர். கரண்டியில் எடுத்துத் தட்டில் வைத்தால் குவியலாக நிற்க வேண்டும். சுற்றிலும் நீர் கசியக் கூடாது. நீர் கூடினால் சுவை மங்கும்; மங்கியதும் கை உப்பைத் தேடும். கெட்டியாக அரைப்பதன் பயன் இதுவே. தவறி நீர் கூடிவிட்டால், உப்பைச் சேர்க்காமல் ஒரு கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துக் கலந்துவிடுங்கள்.

அரைத்தவுடன் உப்புப் பார்க்க வேண்டாம். கால் மணி நேரம் மூடி வையுங்கள். அதற்குள் உப்பு முழுதும் கரையும். பருப்பு நீரை உறிஞ்சி இறுகும். புளிப்பு எங்கும் பரவும். அதன்பிறகும் விரலில் தொட்டுச் சுவைக்காமல், ஒரு கவளம் சோற்றில் பிசைந்து சுவையுங்கள், உண்ணப்போவது அப்படித்தானே. உப்புப் போதவில்லை என்று தோன்றினால், முதலில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். அளவான புளிப்பு, இருக்கும் உப்பை நாவுக்குக் கூட்டிக் காட்டும். அளவு மீறிப் புளித்தால் அதை ஈடுகட்ட மீண்டும் உப்புக் கேட்கும். ஆகவே துளித் துளியாகவே சேர்க்க வேண்டும்.

இப்படி அரைத்த துவையலில் ஒருவர் பங்குக்கு அரை கிராம் உப்பு வருகிறது. அதே துவையலை உப்பு ஜாடிப் புளியில் அரைத்து, கரண்டி உப்பையும் வழக்கம்போல் போட்டால் பங்கு முக்கால் கிராமை எட்டும். ஒரே வீட்டில் தந்தை இதய நோயாளியாகவும் மகன் சூளையருகே வியர்க்க வியர்க்க உழைப்பவராகவும் இருந்தால் இரண்டு துவையல் தேவையில்லை. தந்தையின் அளவுக்கு அரைத்து, அவர் பங்கை எடுத்து வைத்தபின், வேண்டுவோர் தம் இலையில் உப்புச் சேர்த்துக்கொள்ளலாம். சூளையில் உழைப்பவருக்கே இரத்த அழுத்தம் இருந்தால், வியர்க்கிறதே என்று தாமாக உப்பைக் கூட்டாமல், எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என்பதை எங்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

சிலருக்குத் தனி எச்சரிக்கை உண்டு. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அதைச் சாதாரண உப்பைப் போலவே எண்ணி அளக்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுபவை பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய மருந்து உண்போரும் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. பருப்பிலும் புளியிலும் பொட்டாசியம் உண்டு என்பதால், இரத்தத்தில் அது உயர்ந்துள்ளவர்கள் துவையலின் அளவையே உணவியல் வல்லுநரிடம் கேட்டறிய வேண்டும். பக்கவாதத்திற்குப்பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குக் கெட்டித் துவையல் தொண்டையில் ஒட்டக்கூடும். விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே தர வேண்டும்.

பாத்திரம் பற்றியும் ஒன்று. புளிப்புள்ள துவையலை உணவுக்கென்றே செய்த பீங்கான் கிண்ணத்தில் வையுங்கள். அழகுக்காகச் செய்து வண்ணம் தீட்டியவற்றின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். புளிப்பு அதைக் கரைத்து இறக்கும். மெருகு உதிர்ந்த, வலைபோல் வெடிப்பு விழுந்த கிண்ணமும் வேண்டாம். உப்புக் குறைந்த துவையல் ஊறுகாய்போல் நாள்படத் தாங்காது. மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, ஜாடியில் எவ்வளவு புளிக்கு எவ்வளவு உப்புப் போட்டீர்கள் என்பதை வீட்டில் ஜாடி கட்டியவரிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் நாங்கள் அந்தக் கணக்கையும் பார்க்க விரும்புகிறோம்.