பெயரில் இறால் இருக்கும், பன்றி இருக்காது

ஹாங்காங்கின் தேநீர் விடுதிகளில் மேசைக்கு முதலில் வருவது தேநீர்க் குடுவை. பல இடங்களில் கூடவே ஒரு நீளத் தாளும் பென்சிலும் வரும். தாள் முழுக்கச் சிற்றுண்டிப் பெயர்கள்; வேண்டியதற்கு நேரே குறி போட்டுக் கொடுத்தால் மூங்கில் கூடைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். தென்சீனத்துக் கான்டனீஸ் மக்கள் இந்த வழக்கத்தை ‘யம் சா’, அதாவது தேநீர் குடிப்பது என்பார்கள். தேநீரோடு உண்ணும் சின்னச் சின்னப் பலகாரங்களுக்குத்தான் டிம் சம் என்று பெயர்.

அந்தத் தாளில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று எழுத்துகளில் முடிந்துவிடும். சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனிப் பொருள் உண்டு என்பதால், அந்த இரண்டு மூன்றிலேயே ஒரு சமையல் குறிப்பு அடங்கியிருக்கும். பொதுவாக முன்னால் வருவது பூரணம், கடைசியில் வருவது பலகாரத்தின் வடிவம். சிலவற்றில் சமைக்கும் முறையும் சேரும். இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பாதித் தாளைப் படித்துவிடலாம். மீதிப் பாதிக்கு, பெயர்கள் எதையெல்லாம் சொல்லாமல் விடுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முழு விவரத்தோடு வரும் பெயர் ஒன்றிலிருந்து தொடங்கலாம்: ‘சி ஜாப் ஜிங் பாய் குவாட்’. ‘சி ஜாப்’ என்றால் உப்பில் நொதிக்கவைத்த கறுப்புச் சோயாவின் சாறு. ‘ஜிங்’ என்றால் ஆவியில் அவித்தது. ‘பாய் குவாட்’ விலா எலும்புக் கறி. சமையலறையில் நடப்பதும் இதேதான். கறியைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, நிறம் வெளுக்கும்வரை தண்ணீரில் அலசி, கறுப்புச் சோயா, பூண்டு, கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசறி, சிறு தட்டில் பரப்பி ஆவியில் வைப்பார்கள். சுவை, சூடு, பண்டம் மூன்றும் பெயரிலேயே இருக்கின்றன. ஆனால் எந்த விலங்கின் விலா என்று பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள், அது பன்றிதான்.

இனி கடைசி எழுத்துக்கு வருவோம். ‘காவ்’ என்று முடிந்தால் மெல்லிய மேல்மாவில் பூரணம் வைத்து மூடிய பலகாரம். ‘பாவ்’ என்றால் பொங்கிய மாவில் செய்த பன். ‘கோ’ என்றால் தட்டில் ஊற்றி அவித்த கேக் போன்றது. ‘கோக்’ என்பது கொம்பு. இரு முனையும் கூராக வரும் வடிவம், பெரும்பாலும் எண்ணெயில் பொரித்தது. ‘சோ’ என்றால் அடுக்கடுக்காக உதிரும் பஃப் வகை.

‘ஹா காவ்’ என்ற பெயரில் இரண்டே எழுத்துகள். ‘ஹா’ என்பது இறால். டிம் சம் சமையல்காரரின் கைத்திறனைப் பார்க்கச் சாப்பாட்டுப் பிரியர்கள் முதலில் வரவழைப்பது இதைத்தான். மேல்மாவு, கோதுமையிலிருந்து பசைத்தன்மையைக் கழுவி நீக்கிய பிறகு மிஞ்சும் வெள்ளை மாவு. அதோடு சிறிது மரவள்ளி மாவோ உருளைக்கிழங்கு மாவோ சேரும். கொழுக்கட்டை மாவைப் போலவே இதற்கும் கொதிக்கும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிக் கிளற வேண்டும். தண்ணீர் வெறும் சூடாக இருந்தால் மாவு வேகாது, விரித்ததும் கிழியும். எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பக்கவாட்டால் சிறு உருண்டையை அழுத்தி வட்டமாக்கி, இறாலை வைத்து, ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து மூடுவார்கள்.

அவிப்பது ஐந்து நிமிடம் போல. நன்றாக வந்தால் தோல் கண்ணாடி போலாகி உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். குச்சியால் தூக்கும்போது அடித்தாளில் ஒட்டாது. கடித்தால் இறால் நறுக்கென்று உடையும். கூடுதல் நேரம் வைத்துவிட்டால் தோல் குழைந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும், தூக்கும்போதே பூரணம் கீழே விழும். பெயரில் இறால் மட்டும்தான். உள்ளே மூங்கில் குருத்தும் பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். இறால் வறண்டுபோகாமல் காப்பது அந்தக் கொழுப்புதான்.

ஒரே பூரணம் கடைசி எழுத்தால் எப்படி வெவ்வேறு பலகாரமாகிறது என்பதற்கு ‘சா சியு’ நல்ல எடுத்துக்காட்டு. ‘சா’ என்றால் முள்கரண்டி, ‘சியு’ என்றால் நெருப்பில் வாட்டுவது. நீளத் துண்டுகளாக வெட்டிய பன்றிக் கறியைச் சோயா சாறு, சர்க்கரை, நொதித்த சோயா கலவையில் ஊறவைத்துக் கம்பியில் கோத்து அடுப்பில் வாட்டி, மேலே மால்ட் பாகு பூசுவார்கள். இந்தக் கறியைப் பொடியாக நறுக்கி, கெட்டியான இனிப்புக் குழம்பில் புரட்டிப் பன்னுக்குள் வைத்தால் ‘சா சியு பாவ்’. உதிரும் மாவில் வைத்துச் சுட்டால் ‘சா சியு சோ’. அரிசிமாவுச் சுருளில் வைத்தால் ‘சா சியு சியுங்’.

சா சியு பாவிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று வெள்ளைவெளேரென்று, உச்சி பிளந்து, உள்ளிருக்கும் கறி எட்டிப்பார்க்க வரும். மற்றது பழுப்பு நிறத்தில் பளபளப்பாக, பேக்கரி பன் போல இருக்கும். பழுப்பு வகைக்கு மட்டும் முன்னால் ‘குக்’ என்ற சொல் சேரும்; அவனில் சுட்டது என்று பொருள். வெள்ளை வகைக்குப் பெரும்பாலும் எந்த அடைமொழியும் இல்லை. டிம் சம் என்றாலே ஆவியில் அவித்தது என்பதுதான் நினைப்பு. வேறு விதமாகச் சமைத்திருந்தால்தான் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால் தாளில் ‘குக்’, பொரித்ததைக் குறிக்கும் ‘ஜா’, சட்டியில் வாட்டியதைக் குறிக்கும் ‘ஜின்’ எதுவுமே இல்லையென்றால், மூங்கில் கூடைதான் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பெரும்பாலும்தான். ‘வூ கோக்’ என்ற பெயரில் ‘வூ’ சேப்பங்கிழங்கு. ‘ஜா’ இல்லை, ஆனால் அது எண்ணெயில் பொரித்தது. கிழங்கு மசியலில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவதால் கொதிக்கும் எண்ணெயில் அதன் மேற்பரப்பு தேனடை போலப் பூத்து எழும். எண்ணெயில் போதிய சூடு இல்லையென்றால் பூக்காமல் கரைந்துபோகும். இங்கே சமையல் முறையைக் காட்டிக்கொடுப்பது ‘கோக்’ என்ற கொம்பு.

‘லோ பாக் கோ’ என்பது வெள்ளை முள்ளங்கிக் கேக். துருவிய முள்ளங்கியை அரிசி மாவோடு கலந்து தட்டில் ஊற்றி அவித்து, நன்றாக ஆறவிட்டுத் துண்டு போடுவார்கள். சூட்டோடு வெட்டினால் நொறுங்கிவிடும். அந்தத் துண்டுகளைச் சட்டியில் இரு பக்கமும் சிவக்க வாட்டிக் கொடுக்கும்போது பெயருக்கு முன்னால் ‘ஜின்’ ஏறும். சிங்கப்பூர் உணவங்காடிகளில் இதன் உறவுக்காரப் பண்டத்துக்குக் ‘கேரட் கேக்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அதிலும் கேரட் கிடையாது, முள்ளங்கிதான்.

சில பெயர்கள் பூரணத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ‘சியுங் ஃபன்’ என்பதில் ‘சியுங்’ குடலைக் குறிக்கும். அதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நீர்த்த அரிசி மாவை மெல்லியதாக ஊற்றி அவித்து, வழுவழுப்பாகச் சுருட்டியதும் தோற்றம் குடல் போல இருப்பதால் வந்த பெயர் அது. ‘ஃபுங் ஜாவ்’, பீனிக்ஸ் பறவையின் நகம். கூடையைத் திறந்தால் கோழிக்கால். முதலில் பொரித்து, பிறகு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மசாலாவில் வேகவைத்து, கடைசியாக ஆவியில் வைக்கிறார்கள். பொரித்து ஊறவைப்பதால்தான் தோல் உப்பிச் சுருங்கி, சாற்றை உறிஞ்சுகிறது. இத்தனை வேலையில் ஒன்றைக்கூடப் பெயர் காட்டுவதில்லை.

‘சியு மாய்’ இன்னும் குழப்பும். இதில் உள்ள ‘சியு’ எழுத்தும் சா சியுவில் உள்ள ‘சியு’ எழுத்தும் ஒன்றே. ‘மாய்’ என்றால் விற்பது. வாட்டி விற்பது என்று பொருள்கொண்டால் ஏமாந்துபோவோம். இது மேலே திறந்த மஞ்சள் கிண்ணம் போன்ற மாவில் பன்றிக் கறியும் இறாலும் வைத்து அவித்தது. வடசீனத்திலிருந்து வந்த பலகாரம் இது. அங்கே இதன் பெயரை வேறு எழுத்துகளிலும் எழுதுகிறார்கள். ஒலிக்காக மட்டும் அமர்ந்திருக்கும் எழுத்துகளில் பொருளைத் தேடிப் பயனில்லை. குவாங்டாங்கில் இதை ‘கோன் ஜிங் சியு மாய்’ என்று அழைப்பதும் உண்டு. அந்த ‘ஜிங்’ உண்மையைச் சொல்லிவிடுகிறது.

சைவம் உண்பவர்கள் அதிகம் ஏமாறுவது ‘சின் ஜுக் குன்’ என்ற பெயரில். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பச்சை மூங்கில் சுருள்’. இந்த மூங்கில், சோயாப் பால் காயும்போது மேலே படியும் ஏட்டைக் குறிக்கும் பெயர். அந்த ஏட்டால் சுற்றிய சுருளுக்குள் வழக்கமாக இருப்பது அரைத்த பன்றிக் கறி. லோ பாக் கோவிலும் பன்றிக் கறித் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் கலந்திருக்கும். தாமரை இலையில் மடித்து வரும் ‘லோ மாய் காய்’ என்ற ஒட்டரிசிச் சோற்றின் பெயரில் கோழி மட்டும் உண்டு. உள்ளே கோழியோடு பன்றிக் கறியும் சேர்வது சகஜம். சீனச் சமையலில் வெறுமனே ‘யுக்’, கறி, என்றாலே பன்றிதான். மாட்டுக் கறியாக இருந்தால் ‘ங்காவ்’ என்ற எழுத்தைத் தவறாமல் சேர்ப்பார்கள். ஆகவே மாட்டுக் கறியைத் தவிர்ப்பவருக்குப் பெயர் கைகொடுக்கும், பன்றியைத் தவிர்ப்பவருக்குக் கைகொடுக்காது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஹலால் டிம் சம் கடைகள் சியு மாயில் பன்றிக்குப் பதில் கோழி வைத்தாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பழைய பெயரில் பன்றி எப்போதுமே இருந்ததில்லை.

சைவம் வேண்டுமென்றால் தேட வேண்டிய சொற்கள் ‘சோ’, ‘சாய்’ இரண்டும். இதில் ‘சோ’வைக் கவனமாகக் கேட்க வேண்டும். உதிரும் பஃபுக்கும் சைவத்துக்கும் கான்டனீஸில் ஒரே ஒலி, சுரம்தான் வேறு: உயர்ந்த சுரத்தில் சொன்னால் பஃப், இடைப்பட்ட சுரத்தில் சொன்னால் சைவம். அந்த வேறுபாடு பழகாத காதுக்குச் ‘சாய்’தான் பத்திரம். தாளில் ‘சாய் சியுங்’ என்று இருந்தால் பூரணமே வைக்காத வெறும் அரிசிமாவுச் சுருள் வரும். மேலே இனிப்புச் சோயா சாறு ஊற்றியிருப்பார்கள், சில கடைகளில் எள் சாந்தும் சேரும்.