நடுவில் பிளான் மாற்றினால் பில் எவ்வளவு வர வேண்டும்?

மாதம் 600 ரூபாய் பிளானில் பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். சந்தா 1-ம் தேதி தொடங்கி 30-ம் தேதி முடிகிறது. ஜூன் 19 காலையில் கடைக்காரர் 1,500 ரூபாய் பிளானுக்கு மாறுகிறார். ஜூலை 1 அன்று வந்த பில்லில் வரி நீங்கலாக 1,860 ரூபாய். ‘1,500-க்குத்தானே ஒத்துக்கொண்டோம்’ என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் இந்தப் பில் சரி.

19 முதல் 30 வரை, மாறிய நாளையும் சேர்த்து, மீதம் 12 நாள். பழைய பிளானுக்கு முழு மாதப் பணம் முன்பே கட்டியாயிற்று. அதில் பயன்படுத்தாத 12 நாளுக்கு 600 × 12 ÷ 30, அதாவது 240 ரூபாய், அவருக்குத் திரும்ப வர வேண்டும். புதிய பிளானுக்கு அதே 12 நாளுக்கு 1,500 × 12 ÷ 30, அதாவது 600 ரூபாய், அவர் தர வேண்டும். கழித்தால் 360. பல நிறுவனங்கள் இதை அன்றே வசூலிக்காமல் அடுத்த பில்லில் ஏற்றிவிடுகின்றன. ஜூலை மாதத்து 1,500-உடன் 360 சேர்ந்துதான் 1,860.

பில்லில் இது இரண்டு வரியாக இருக்கும். `Unused time` என்ற வரியில் கழித்தல் குறியோடு 240, `Remaining time` என்ற வரியில் 600. முதல் வரியே இல்லையென்றால் பழைய பணத்தை வரவு வைக்க மறந்துவிட்டார்கள்.

தப்பு எங்கே என்பதைத் தொகையே காட்டிக்கொடுக்கும். 360-க்குப் பதில் 900 இருந்தால், நாள் கணக்கே பார்க்காமல் இரண்டு பிளானின் முழு வித்தியாசத்தையும் போட்டிருக்கிறார்கள். 540 என்றால், மீதமுள்ள 12 நாளுக்குப் பதில் கழிந்துபோன 18 நாளை எடுத்திருக்கிறார்கள். சில ரூபாய் மட்டும் முன்பின் இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். சில மென்பொருள்கள் நாளாக அல்ல, நொடியாகவே கணக்கிடுகின்றன. மதியம் மாறியவருக்கு அரை நாள் குறையும்.

பலரும் கவனிக்காத இடம் ஜிஎஸ்டி. வரவை வரிக்கு முன்பே கழிக்க வேண்டும். 360-க்கு 18 சதவீதம் சேர்த்தால் 424.80. சிலர் 600-க்கு வரி போட்டு 708 ஆக்கி, பிறகு 240-ஐக் கழித்து 468 என்பார்கள். கூடுதலாகப் போகும் 43.20, அந்த 240-க்கு அவர் ஏற்கெனவே கட்டிய வரி.

மாதச் சந்தாவிலிருந்து வருடச் சந்தாவுக்குத் தாவினால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அப்போது பெரும்பாலும் மாறிய நாளிலிருந்தே புதிய வருடம் தொடங்கும். முழு வருடத் தொகையில் அந்த 240 மட்டும் கழியும். பில்லில் ‘முதல் – வரை’ என்று போட்டிருக்கும் தேதிகளைப் பார்த்தால் எந்தக் கணக்கு என்பது தெரிந்துவிடும். புகார் எழுதுவதானால் அந்தத் தேதிகளையும், வர வேண்டிய தொகையையும், மாறிய நாளில் வந்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்புங்கள்.