கடையைப் பற்றி போனில் புகார் பரவினால் பதில் எழுதுவது எப்படி?



தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் நம்ம குழுப் பெண்கள் டிபன் கடை, கேன்டீன், சமையல் ஆர்டர் என்று பல வேலைகள் செய்து வருகிறோம். "இந்தக் கடையில் சுத்தமே இல்லை" என்று ஒருவர் வீடியோ போட்டால் அது ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. அப்போது கோபத்தில் நாலு வரி எழுதிவிட்டால், புகாரைவிட நம்ம பதில்தான் அதிகம் பரவும். எப்படிப் பதில் சொல்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் நடந்த ஒரு சம்பவம்

2018 நவம்பர் 17-ஆம் தேதி எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரில் இருந்து ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சியை அதிகாரிகள் பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததால் அது நாய்க்கறியாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பரிசோதனை முடியும் முன்பே "சென்னை ஓட்டல்களில் நாய்க்கறி" என்று செய்தி போன் போனாகப் போனது. தப்பே செய்யாத பிரியாணிக் கடைகளிலும் வியாபாரம் படுத்துவிட்டது. சில நாட்கள் கழித்து சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது. அது ஆட்டிறைச்சிதான். ராஜஸ்தான் பக்கத்து ஆடுகள் சிலவற்றுக்கு வால் நீளம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இரண்டு கேள்விகள் இருந்தன. அது என்ன இறைச்சி என்பது ஒன்று. அவ்வளவு தூரம் சரியான குளிரில் வைத்துக் கொண்டு வந்தார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பரிசோதனை பதில் சொன்னது. ஆனால் "ஆட்டிறைச்சிதான்" என்ற முடிவு இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது. நம்ம பதிலும் அப்படித்தான். எதைக் கேட்டார்களோ அதற்கு மட்டும், நமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

நம்ம கடைக்கு வந்தால்?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு குழு டிபன் கடை நடத்துகிறது. சனிக்கிழமை காலை உப்புமாவில் வண்டு கிடந்தது என்று ஒருவர் வீடியோ போட்டுவிட்டார். "இங்கே யாரும் சாப்பிடாதீங்க" என்று கீழே எழுதியிருக்கிறார்.

பதில் எழுதுவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. முதலில் அந்த வீடியோவை, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி போனில் படம் பிடித்து வையுங்கள். அடுத்து, மீதி உப்புமாவைக் கொட்டிவிடாதீர்கள். விற்பனையை நிறுத்திவிட்டு, ஒரு டப்பாவில் மூடி, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரவை மூட்டையையும் தனியாக எடுத்து வையுங்கள். கொட்டிவிட்டால், "மறைத்துவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு நம்மிடம் பதில் இருக்காது. மூன்றாவதாக, வீடியோவில் இருப்பது நம்ம தட்டுதானா, நம்ம மேசைதானா, அன்றைக்கு உப்புமா போட்டோமா என்று பாருங்கள்.

பிறகு ரவையைச் சலித்துப் பாருங்கள். மூட்டையிலேயே வண்டு இருந்தால் சல்லடையில் இன்னும் சில வண்டுகள் நிற்கும். ரவை நூல் கட்டியது போல் சேர்ந்திருந்தாலும் பூச்சி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டை சுத்தமாக இருந்தால், சமைத்த பிறகு மேலே இருந்து விழுந்திருக்கலாம். பாத்திரம் மூடி இருந்ததா, மேலே விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பதில்

முழுக்க விசாரித்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு நாள் சும்மா இருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் சின்னதாக ஒரு பதில் போக வேண்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். சனிக்கிழமை காலை எங்கள் கடை உப்புமாவில் வண்டு இருந்ததாக நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தோம். உப்புமா விற்பனையை நிறுத்திவிட்டோம். ரவை மூட்டையைத் தனியே வைத்துச் சோதித்து வருகிறோம். என்ன தெரிந்தது என்பதை நாளை மாலை 5 மணிக்குள் இங்கேயே எழுதுகிறோம். வாங்கிய நேரத்தையும் பில்லையும் கடை எண்ணுக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும்."

இதில் "பொய்" என்ற சொல் இல்லை. "எங்கள் கடை நூறு சதவீதம் சுத்தம்" என்ற பேச்சும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் செய்த வேலை என்ற சந்தேகமும் இல்லை. செய்து முடித்ததும், அடுத்து எப்போது சொல்வோம் என்பதும் மட்டும்தான் இருக்கிறது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தால், முதல் வரியிலேயே அவர் இப்போது எப்படி இருக்கிறார், டாக்டரைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது பதில்

மூட்டையில் வண்டு கிடைத்தால் அப்படியே சொல்லிவிடுங்கள்: "ரவை மூட்டையில் வண்டு இருந்தது. அன்று சலிக்காமல் பயன்படுத்திவிட்டோம். வருந்துகிறோம். மூட்டையை ஒதுக்கிவிட்டோம். இனி ரவையை வறுத்துச் சலித்து, மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம்." ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், "மூட்டையிலும் மீதி உப்புமாவிலும் எங்கள் கண்ணுக்கு வண்டு தென்படவில்லை" என்று எழுதுங்கள். "வண்டே இல்லை" என்று எழுதினால் வாடிக்கையாளரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். அவர் தட்டில் இருந்ததை நாம் பார்க்கவில்லையே!

கடையின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சமையல் செய்பவர்களின் வருடாந்திர மருத்துவச் சான்று, தண்ணீர் பரிசோதனைச் சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வண்டு பற்றிக் கேட்டவருக்குத் தண்ணீர் சீட்டைக் காட்டுவது பதில் ஆகாது. புகாருக்குப் பொருந்தும் காகிதத்தை மட்டும் காட்டுங்கள். புகார் செய்தவரின் பெயரையும் போன் எண்ணையும் வெளியில் போடாதீர்கள். பணம் தருகிறோம், வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்காதீர்கள். அந்தப் பேச்சும் படம் பிடித்துப் பரவும்.

அதிகாரி வந்தால்

வாடிக்கையாளர்கள் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். அதனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வரக்கூடும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நாமும் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது. அந்தச் செலவு நம்முடையது என்பதால் தேவையா என்று யோசித்துக் கேளுங்கள்.

பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் வரை அவகாசம் உண்டு. எனவே "நாளைக்கே ரிப்போர்ட் காட்டுகிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். "மாதிரி எடுத்திருக்கிறார்கள். அறிக்கை வந்ததும் போடுகிறோம்" என்று எழுதினால் போதும். அறிக்கை நல்லபடியாக வந்தாலும் அது அந்த மாதிரிக்கு மட்டும்தான் சாட்சி. "அன்று எடுத்த மாதிரியில் குறை இல்லை" என்று அளவாகச் சொல்லுங்கள்.

யார் எழுதுவது?

ஆளாளுக்கு எழுதினால் ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. குழுவில் ஒருவர் மட்டும் எழுதட்டும். இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகு அனுப்பட்டும். இரண்டு பதிலுக்கு மேல் வாக்குவாதம் வேண்டாம். வேண்டுமென்றே பொய் பரப்புகிறார்கள் என்று ஆதாரம் இருந்தால், எடுத்து வைத்த படங்களோடு வழக்கறிஞரையோ காவல் நிலையத்தையோ பாருங்கள். அந்த மிரட்டலைப் பதிலில் எழுத வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் யார் எழுதுவது, யார் படித்துப் பார்ப்பது என்று பேசி, தீர்மான நோட்டில் இரண்டு பெயரையும் எழுதி வைத்துவிடுங்கள்.