கருவம் தடுக்கும் அலை

1897 ஜூன் 12 அன்று அசாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தொலைதூரக் கருவிகளின் பதிவுகளில் முதலில் வருவது முதன்மை அலை, பின்னால் வருவது இரண்டாம் நிலை அலை என்று அவர் பிரித்துக் காட்டினார். 1906-ல் இன்னொன்றையும் சொன்னார்: பூமியின் நடுவே வேறுவகைப் பொருளாலான கருவம் ஒன்று இருக்கிறது. மறுபக்கத்துக்கு இரண்டாம் அலை மிகத் தாமதமாக வருவதாக அவர் நம்பினார். உண்மையில் அவர் பார்த்தது கருவத்தைக் கடந்து நேரே வந்த இரண்டாம் அலையே அல்ல. அது கருவத்துக்குள் நுழைவதே இல்லை!

ஏன்?

முதன்மை அலை செல்லும் திசையிலேயே பொருளை நெருக்கி, தளர்த்திக்கொண்டு போகிறது. நெருக்கினால் எதிர்த்துத் தள்ளும் குணம் பாறைக்கும் உண்டு, நீருக்கும் உண்டு; உருகிய இரும்புக்கும் உண்டு. அந்த எதிர்ப்புதான் அலையை அடுத்த அடுக்குக்குக் கடத்துகிறது.

இரண்டாம் அலையோ, செல்லும் திசைக்குக் குறுக்கே பொருளை அசைக்கிறது. அது நகர வேண்டுமானால், பக்கவாட்டில் சரிந்த அடுக்கு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல வேண்டும். அழிரப்பரின் மேற்பக்கத்தை விரலால் ஒருபுறம் தள்ளிவிட்டு எடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். தண்ணீரைத் தள்ளினால் வழுக்கி ஓடும், அவ்வளவுதான். சரிவை எதிர்க்கும் இந்தத் திறனுக்கு விறைப்பு என்று பெயர். இரண்டாம் அலையின் வேகம் விறைப்பை அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம். திரவத்தில் விறைப்பு சுழி; ஆகவே வேகமும் சுழி.

சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், கருவத்தின் விளிம்பில், முதன்மை அலையும் தப்புவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 13.7 கிலோமீட்டராக இருந்த வேகம் 8 ஆகச் சரிகிறது. விறைப்பின் பங்கு அதன் வேகத்திலும் உண்டு. அந்தப் பங்கு போய்விடுகிறது, அடர்த்தியோ கூடிவிடுகிறது. ஆனாலும் உள்ளே வளைந்து, கடந்து போய்விடுகிறது.

வெளிக்கருவம் திரவம் என்பதை அலைகள் மட்டுமே நிரூபிக்கவில்லை. நிலா, சூரியன் ஈர்ப்பில் பூமி எவ்வளவு நெளிகிறது என்று 1926-ல் கணக்கிட்ட ஹெரால்ட் ஜெஃப்ரீஸ், மேலிருக்கும் பாறையின் விறைப்பே நடுவிலும் இருந்தால் இவ்வளவு நெளியாது என்று காட்டினார்.

பதிவைப் படிப்பவர்கள் இன்றும் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. நிலநடுக்க மையத்திலிருந்து 103 பாகை, அதாவது ஏறத்தாழ 11,400 கிலோமீட்டர் தாண்டினால் நேரடி இரண்டாம் அலை கிடைக்காது. ஆனால் குறுக்கே ஆட்டும் அலை ஒன்று அங்கும் வந்து சேர்கிறது! கருவத்தின் விளிம்பில் இரண்டாம் அலையின் ஆற்றலில் ஒரு பகுதி முதன்மை அலையாக மாறி திரவத்தைக் கடந்து, மறுகரையில் மீண்டும் இரண்டாம் அலையாகிறது. கருவத்துக்குள் அது வேகமாகப் போவதால், சுமார் 83 பாகைக்கு மேல் நேரடி இரண்டாம் அலையையே முந்திவிடுகிறது.